'நான்-டாக்ஸிக்' என்ற சொல்லுக்குக் கீழே என்ன அச்சாகியிருக்கிறது?

"ஐயா, நாங்கள் பாலக்கோட்டில் இருக்கிறோம். பெரியவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டரை. சின்னவள் கையில் எது கிடைத்தாலும் வாயில் வைத்துவிடுவாள். தருமபுரி போயிருந்தபோது கிரேயான், ஆறு பாட்டில் போஸ்டர் கலர், கிளே மூன்றும் வாங்கி வந்தேன். மூன்றிலும் 'நான்-டாக்ஸிக்' என்று போட்டிருக்கிறது. கிரேயான் பெட்டியில் அதைத் தவிர வேறு எதுவும் இல்லை. போஸ்டர் கலரில் 'ஏ.எஸ்.டி.எம். டி-4236' என்றும், கிளே டப்பாவில் 'சி.இ.' என்றும் இருக்கிறது. அடுத்த வாரம் சின்னவளின் விளையாட்டுப் பள்ளியில் உள்ளங்கை அச்சு எடுக்கப் போகிறார்களாம், போஸ்டர் கலர் கேட்டிருக்கிறார்கள். கொடுக்கலாமா? இந்த மூன்றில் எதை நம்புவது?"

உள்ளங்கை அச்சுக்குப் போஸ்டர் கலரைக் கொடுத்தனுப்ப வேண்டாம். அதே பாட்டிலைப் பெரியவன் தூரிகையால் காகிதத்தில் தீட்டப் பயன்படுத்தலாம். கிரேயான் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளேயை டப்பாவின் பின்பக்கத்தைப் படித்த பிறகு முடிவு செய்யலாம்.

ஓசூரில் ஒரு நிறப்பூச்சுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது தெரிந்தால் லேபிளில் எதைத் தேடுவது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

ஒரு கிரேயானைச் சுரண்டித் தூளாக்குவோம். வயிற்றில் சுரக்கும் அமிலத்தைப் போல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அந்தத் தூளைப் போட்டு, உடம்புச் சூடான 37 டிகிரியில் ஒரு மணி நேரம் குலுக்குவோம், இன்னொரு மணி நேரம் அசையாமல் வைப்போம். பிறகு வடிகட்டி, ஈயம், கேட்மியம், பாதரசம், ஆர்செனிக் உள்ளிட்ட எட்டுத் தனிமங்களில் எது எவ்வளவு அமிலத்தில் கரைந்து வந்திருக்கிறது என்று அளப்போம். குழந்தை விழுங்கினால் வயிற்றில் என்ன கழன்று வரும் என்பதைத்தான் இது பார்க்கிறது. இந்தியத் தரநிலையில் இதன் பெயர் ஐ.எஸ். 9873, மூன்றாம் பகுதி. ஐரோப்பாவில் இதற்கு இணையானது இ.என். 71-3.

ஈயத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும், சிறு குழந்தைகளின் குடலோ பாதி அளவுக்கு உறிஞ்சிவிடும். வயிறு காலியாக இருந்தாலும், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக இருந்தாலும் இன்னும் கூடுதலாக உறிஞ்சும். அதனால் காலையில் கேழ்வரகுக் கூழோ களியோ சாப்பிட வைத்த பிறகு வண்ணங்களைக் கையில் கொடுப்பது நல்லது.

இப்போது உங்கள் உள்ளங்கை அச்சுக்கு வருகிறேன். அந்தத் தரநிலையில் சாதாரண நிறப்பொருளிலிருந்து கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. விரலால் பூசும் வண்ணத்துக்கு மட்டும் அந்த எல்லை 25. குழந்தை விரலைச் சூப்பும், வண்ணம் நேராக வயிற்றுக்குப் போகும் என்று கணக்குப் போட்டுத்தான் அப்படி இறுக்கியிருக்கிறார்கள். விரல் வண்ணத்துக்கென்று ஏழாம் பகுதி தனியாகவே இருக்கிறது. கெட்டுப்போகாமலிருக்க எந்த மருந்தைச் சேர்க்கலாம் என்பதற்கு அதில் வரம்பு உண்டு. நக்கினால் உடனே துப்பும்படி கசப்புப் பொருள் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. போஸ்டர் கலரில் இந்த இரண்டு ஏற்பாடும் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அது தூரிகைக்காகச் செய்யப்பட்டது. தோல் முழுவதும் பூசிச் சில நிமிடம் ஊறவிட்டால், அதிலுள்ள பதப்படுத்தும் மருந்தே சில குழந்தைகளுக்கு அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். பள்ளிக்கு அனுப்புவதாக இருந்தால், 'விரல் வண்ணம்' என்று தெளிவாக அச்சிட்டதாகவும், ஐ.எஸ். 9873 ஏழாம் பகுதி அல்லது இ.என். 71-7 என்ற எண் உள்ளதாகவும் பார்த்து அனுப்புங்கள்.

போஸ்டர் கலர் பாட்டிலில் இருக்கும் 'ஏ.எஸ்.டி.எம். டி-4236' பலரையும் ஏமாற்றிவிடுகிறது. அது அமெரிக்காவில் கலைப்பொருட்களின் லேபிளுக்கான தரநிலை. நச்சியல் நிபுணர் ஒருவர் சேர்மானங்களைப் பார்த்திருக்கிறார், நாளடைவில் கெடுதல் செய்யும் பொருள் இருந்தால் அதற்கான எச்சரிக்கையை அச்சிட்டிருக்கிறோம் என்பதே அதன் பொருள். பொருளில் கெடுதலே இல்லை என்று அது உறுதி கூறவில்லை. கேட்மியம் கலந்த ஓவியர் வண்ணம்கூட எச்சரிக்கையை ஒழுங்காக அச்சிட்டிருந்தால் இதே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். ஆகவே இந்த எண்ணைப் பார்த்ததும் பாட்டிலைத் திருப்பி, எச்சரிக்கை ஏதும் உண்டா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறது என்று படியுங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாமல், வயது உங்கள் பெரியவனுக்குப் பொருந்தினால் தூரிகையோடு கொடுக்கலாம். பாட்டில் மூடிகளை மட்டும் சின்னவளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அந்த அளவு மூடி தொண்டையில் சிக்கக்கூடியது.

கிரேயான் பெட்டியைத் திருப்பச் சொன்னதற்கு நிறம் காரணமில்லை. இந்தியாவில் பொட்டலமாக விற்கும் எந்தப் பொருளிலும் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் சொல்லத் தொடர்பு விவரம் ஆகியவை இருந்தாக வேண்டும். இவற்றையே அச்சிடாதவர் அமிலச் சோதனைக்குப் பணம் செலவழித்திருப்பார் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. 'நான்-டாக்ஸிக்' என்பது விற்பவர் தன் பொருளைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் சொல். அதற்குப் பக்கத்தில் ஒரு தரநிலை எண்ணும் பொறுப்பேற்கும் ஒரு முகவரியும் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு எடை. சந்தைகளில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும் கிரேயான்களுக்கும் இதே பதில்தான். நிறத்தையோ வாசனையையோ வைத்து ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகத்தில் அத்தனை ஆண்டுகள் இருந்த எனக்கும் கண்ணால் பார்த்துச் சொல்ல வராது.

புதிதாக வாங்கும்போது சின்னவளுக்கும் சேர்த்துத் தடித்த கிரேயானாகப் பாருங்கள். மெல்லியது சட்டென்று உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் போய்விடும் ஆபத்து விஷத்தைவிடப் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பு வட்டத்துக்குள் குழந்தை முகமும் '0-3' என்ற எண்ணும், குறுக்கே ஒரு கோடும் இருந்தால் மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று பொருள். உங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து விளையாடுவார்கள் என்றால், எல்லாவற்றையும் சின்னவளின் வயதுக்கே வாங்குவதுதான் சரி.

கிளே டப்பாவிலுள்ள 'சி.இ.' ஐரோப்பியச் சந்தைக்கான முத்திரை. பெரும்பாலும் தயாரிப்பாளரே சோதித்துத் தானே போட்டுக்கொள்வது. அதோடு இ.என். 71 என்ற எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் இருந்தால் ஓரளவு நம்பலாம், தனியாக இருந்தால் நம்ப வேண்டாம். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுப் பொருட்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே 'சி.எம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். கைப்பேசியில் BIS Care செயலியைத் திறந்து அந்த உரிம எண்ணைத் தட்டினால், எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். செயலி காட்டும் பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கிரேயானும் போஸ்டர் கலரும் பெரும்பாலும் எழுதுபொருள் என்ற கணக்கில் விற்கப்படுவதால் அவற்றில் இந்த முத்திரை இல்லாமலும் இருக்கும். அங்கே தரநிலை எண்ணும் முகவரியும்தான் நமக்குத் துணை.

கிளேயில் இன்னொன்றையும் படியுங்கள். 'அடுப்பில் சுட்டால் கெட்டியாகும்' என்று போட்டிருந்தால் அது பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கிச் செய்த கிளே. பெரிய பிள்ளைகளின் கைவேலைக்கு உரியது, உங்கள் வீட்டுக்கு வேண்டாம். மெழுகும் எண்ணெயும் கலந்து செய்த கிளேதான் உங்களுக்கு ஏற்றது. மாவால் செய்ததாக இருந்தால் கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு ஆகாது.

கடைக் கிளே எதற்கு, வீட்டிலேயே மைதாவும் உப்பும் பிசைந்து தருகிறேன் என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அதில் ஒரு ஆபத்து இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வழக்கமாகச் சொல்லப்படும் அளவு இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் உப்பு. ஒரு மேசைக்கரண்டி உப்பு 15 கிராமுக்கு மேல் வரும். 12 கிலோ எடையுள்ள குழந்தையைக் கடுமையாகப் பாதிக்க அதுவே போதும். எதையும் விழுங்கும் உங்கள் சின்னவளுக்கு உப்பே போடாமல், அன்றன்றைக்குச் சப்பாத்தி மாவைப் பிசைந்து கொடுத்து மாலையில் எறிந்துவிடுங்கள்.

எப்போதாவது கிரேயான் துண்டையோ கிளேயையோ விழுங்கிவிட்டால், வாயைத் துடைத்துக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். மறுநாள் மலம் நிறமாகப் போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே செய்யாதீர்கள், மேலே சொன்ன உப்புக் கணக்குதான் காரணம். மூச்சுத் திணறல், நிற்காத இருமல், ஓயாத வாந்தி, மயக்கம் இருந்தால் 108-ஐ அழையுங்கள், பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் அதிலுள்ள சேர்மானத்தைத்தான் முதலில் கேட்பார்.

அடுத்த வாரத்துக்குள் விரல் வண்ணம் கிடைக்காவிட்டால், கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் பாதம் வைக்கிறோமே, அந்த வழி இருக்கிறது. இரண்டு கரண்டி அரிசி மாவை ஒரு கப் தண்ணீரில் கரைத்துக் கூழ் பதத்துக்குக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, ஒரு பங்கில் பீட்ரூட் சாறும் இன்னொரு பங்கில் மஞ்சளும் கலந்து அன்றைக்கே பயன்படுத்தச் சொல்லுங்கள். மஞ்சளை மட்டும் கிழங்காக வாங்கி வீட்டில் இடித்தோ அரைவை மில்லில் அரைத்தோ சேருங்கள். நம் மாவட்டத்திலேயே விளைகிறது, கிடைப்பதில் சிரமமில்லை. கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் விற்கும் உதிரித் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பது உண்டு. அந்த ஈயக் குரோமேட் பூச்சுத் தொழிலில் பல காலம் மஞ்சள் நிறமியாகப் புழங்கிய அதே பொருள்தான்.