மாத்திரையில் வந்த மாதவிடாய் உண்மையானதா?

மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை சாப்பாட்டைக் குறைத்து மிகவும் மெலிந்துவிட்டாள். ஏழு மாதமாக மாதவிடாய் இல்லை. கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள், வந்துவிட்டது. சரியாகிவிட்டதா?

இல்லைங்க. அது மாத்திரையின் ஹார்மோன் நின்றதும் வரும் உதிரப்போக்கு. கருமுட்டை வெளியானதற்கு அது அடையாளம் இல்லை.

சாப்பாடு போதாமல் கொழுப்பு கரையும்போது, அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. உடனே மூளையின் ஹைப்போதலாமஸ் சினைப்பைக்கான கட்டளையை அடக்கிவிடும், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சரியும். சினைப்பையில் கோளாறு இருக்காது. ஆனால் எலும்பு மெலியத் தொடங்கியிருக்கும், இந்த மாத்திரை அதைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. எனக்குப் பெரிய கவலை இதுதான். எலும்பு அடர்த்தியைப் பார்க்க டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

வீட்டில் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்கள், நல்லதுதான். ஆனால் மூன்று வேளைச் சாப்பாடும் நிறைய வேண்டும். மிகவும் மெலிந்தவருக்குத் திடீரென அதிகம் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற தாது உப்பு ஆபத்தாக இறங்கலாம். அதனால் மருத்துவர் கண்காணிப்பில் கூட்டுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மகப்பேறு, மனநலம் இரண்டு பிரிவுமே உண்டு, இரண்டையும் பாருங்கள். சாப்பிடப் பயப்படுவதும் நோய்தான்.

எடை தேறிய பிறகும் மாதவிடாய் திரும்பப் பல மாதம் ஆகலாம்.