பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தை, அந்தப் பக்கம் ஒரு சந்தை

வணக்கம் ஐயா. டிஜிட்டல் தொழில்முனைவுப் பாடத்துக்காக, வீட்டில் சமைப்பவர்களையும் மதியச் சாப்பாடு வாங்குபவர்களையும் இணைக்கும் ஓர் இணையச் சந்தையை எங்கள் குழு பினாங்கில் நடத்திப் பார்க்கிறது. ஐந்து மாதத்தில் 60 சமையல் அக்காமாரும், வாங்குபவர்களாக 800 பேரும் பதிந்திருக்கிறார்கள். ஆனால் நாளுக்கு 11 பொட்டலம்தான் போகிறது. பயனர்கள் இரு மடங்கானால் தளத்தின் மதிப்பு நான்கு மடங்காகும் என்று படித்தோம். இன்னும் 200 அக்காமாரைச் சேர்த்தால் சரியாகிவிடுமா? யார் எந்த ஊர், வாரத்தில் எத்தனை நாள் சமைக்கிறார் என்ற பட்டியலை இணைத்திருக்கிறேன்.

ம., பிறை

அன்புள்ள ம.,

சேர்க்க வேண்டாம். உங்கள் பட்டியலில் பெரும்பாலும் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாள் சமைக்கிறார்கள். அப்படியானால் வேலை நாள் ஒவ்வொன்றிலும் சுமார் 24 வீடுகளில் உங்களை நம்பி அடுப்பு எரிகிறது. போவதோ 11 பொட்டலம். இன்னும் 200 பேர் வந்தால் 104 அடுப்பு எரியும், பொட்டலம் அதே 11தான். முதலில் விலகுபவர் நன்றாகச் சமைக்கும் அக்காவாகத்தான் இருப்பார், ஏனென்றால் அவருக்கு வெளியே வேறு வாடிக்கை கிடைக்கும். வாங்குபவர் கூடினால் சமைப்பவருக்கு லாபம், சமைப்பவர் கூடினால் வாங்குபவருக்கு லாபம் என்பது உண்மை, வலையமைப்பு விளைவு என்பது இதைத்தான். சமைப்பவர் கூடினால் இன்னொரு சமைப்பவருக்கு நட்டம் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இந்த இரண்டாவதைப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

நீங்கள் படித்த நான்கு மடங்குக் கணக்கு தொலைபேசிக்குப் பொருந்துவது. பத்துத் தொலைபேசி இருந்தால் 45 இணைப்பு, இருபது இருந்தால் 190. எவரும் எவரையும் அழைக்கலாம் என்பதால் அந்தக் கணக்கு நிற்கிறது. சந்தையில் ஓர் அக்கா இன்னோர் அக்காவிடம் சாப்பாடு வாங்குவதில்லை. எனவே இங்கே இரண்டு பக்கத்தையும் பெருக்க வேண்டும்: 60 × 800 = 48,000 ஜோடி. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் கடல் இருக்கிறது.

பட்டியலைத் தீவு, பெருநிலம் என்று பிரித்துப் பார்த்தேன். சமைப்பவர்களில் 42 பேர் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம். 18 பேர் தீவில். வாங்குபவர்களில் 600 பேர் தீவில், 200 பேர் பெருநிலத்தில். எட்டு வெள்ளிச் சாப்பாட்டை யாரும் பாலம் தாண்டி அனுப்பப் போவதில்லை. ஆகவே நடக்கக்கூடிய ஜோடிகள் 42 × 200, 18 × 600, இரண்டும் சேர்த்து 19,200. பாதிக்கு மேல் போய்விட்டது. மீதியிலும், தீவில் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். பாலிக் புலாவிலோ ஆயர் ஈத்தாமிலோ சமைத்தது பன்னிரண்டரை மணிக்கு அங்கே சூடாகப் போய்ச் சேர்வது கடினம். பாயான் பாரு, சுங்கை நிபோங், குளுகோர் பக்கம் இருப்பவர்கள்தான் அதற்கு ஒத்துவருவார்கள். எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்.

இந்த ஐந்து பேரும் இரண்டு நாளில் ஒரு நாள் சைவம், ஒரு நாள் அசைவம் சமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளை அவரவர் வசதிப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சைவம் தேடி ஒருவர் வருகிறார். ஓர் அக்கா தம் சைவ நாளாகச் செவ்வாயை எடுக்காமலிருக்க வாய்ப்பு ஐந்தில் நான்கு. ஐவருமே எடுக்காமலிருக்க:

`0.8^5 = 0.33`

வருபவர்களில் மூன்றில் ஒருவர் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். இரண்டு முறை அப்படி நடந்தால் செயலியை நீக்கிவிடுவார். உங்கள் 800இல் இப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று பதிவு எண்ணிக்கை சொல்லாது, அது குறையவே குறையாத எண். அதனால் தேடல்களையும், அவற்றில் எத்தனைக்கு விடை இல்லாமல் போனது என்பதையும் இடவாரியாக, நாள்வாரியாக எழுதி வையுங்கள். விடையில்லாத் தேடல் பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கும் இடத்தில் விளம்பரத்துக்கு ஒரு சென் கூடச் செலவழிக்காதீர்கள். புதிதாக வருபவரையும் அந்த வெறும் பக்கத்துக்குத்தான் அழைத்துக்கொண்டு போவீர்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி. அந்தப் பகுதியில் சமைப்பவர்களை 15 ஆக்கினால் மேலே சொன்ன 0.33 சுமார் 0.035 ஆகும். அல்லது அதே ஐந்து பேரையும் உட்காரவைத்து முறை போடுங்கள்: திங்கள் சைவம் ஒருவர், செவ்வாய் சைவம் இன்னொருவர், அசைவத்துக்கும் அப்படியே. விடையில்லாத் தேடல் பூச்சியமாகிவிடும், ஒருவரைக்கூடப் புதிதாகச் சேர்க்காமல். ஆர்டர் நாளுக்கு 30ஐத் தாண்டாதவரை இரண்டாவது வழிதான் சரி. 15 பேர் ஆக்கினால் நாளுக்கு ஆறு பேர் சமைப்பார்கள், ஆளுக்கு ஐந்து பொட்டலம்தான் தேறும். ஐந்து பொட்டலத்துக்காக எவரும் காலை ஐந்து மணிக்கு எழுந்து தேங்காய் துருவ மாட்டார்.

இடம் சார்ந்த இந்தக் கட்டுப்பாடு பெரிய தளங்களுக்கும் உண்டு. ஊபர் பல நாடுகளில் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2018 மார்ச்சில் தன் தென்கிழக்காசியத் தொழிலை கிராப்பிடம் கொடுத்துவிட்டு விலகியது. ஜெலுத்தோங்கில் நிற்கும் பயணிக்கு லண்டனில் எத்தனை ஊபர் வண்டி ஓடினாலும் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்குள் வரக்கூடிய வண்டிகள்தான் அவருடைய வலையமைப்பு. தங்கும் அறைகளை விற்கும் தளம் வேறு மாதிரி. அங்கே பினாங்கு வீட்டுக்காரருக்கு லண்டன் பயணியும் வாடிக்கையாளர். முறுக்கு, அதிரசம் விற்றாலும் அப்படித்தான், கூரியரில் ஜோகூர்வரை போகும். நீங்கள் விற்பது சூடான சாதம். பொருள் எவ்வளவு தூரம் போகுமோ, வலையமைப்பு அவ்வளவு தூரம்தான்.

அடுத்து பணம். உங்கள் குழு ஆளுக்கு மூன்று வெள்ளி கழிவுச் சீட்டு கொடுக்கலாம் என்று யோசிப்பதாகப் பட்டியலின் அடியில் குறித்திருக்கிறீர்கள். 800 பேருக்கு 2,400 வெள்ளி ஆகும், அது தீவெங்கும் பெருநிலமெங்கும் சிதறிப் போகும். அதே பணத்தை அந்த ஐந்து அக்காமாருக்கு உத்தரவாதமாகக் கொடுங்கள். உங்கள் முறை நாளில் 12 பொட்டலம் விற்கும், விற்காதவற்றின் மளிகைச் செலவை நாங்கள் தருகிறோம் என்று சொல்லுங்கள். பொட்டலத்துக்கு மளிகை நாலரை வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு இருவர், ஆளுக்கு நான்கு பொட்டலம் மிஞ்சினால் வாரத்துக்கு 40 பொட்டலம், 180 வெள்ளி. 2,400 வெள்ளி 13 வாரம் தாங்கும். அந்த 13 வாரமும் சாப்பாடு தவறாமல் இருக்கும் என்ற நம்பிக்கை வாங்குபவருக்கு வந்துவிடும். ஆர்டரை முதல் நாள் இரவு எட்டு மணிக்கே மூடிவிடுங்கள், அப்போதுதான் காலையில் காய்கறி அளவாக வாங்க முடியும், மிஞ்சுவதும் குறையும்.

இதெல்லாம் செய்தபின் ஒரு கசிவு தொடங்கும், அதை இப்போதே எதிர்பார்த்திருங்கள். மூன்றாவது தடவை வாங்கும்போது வாங்குபவரிடம் அக்காவின் புலனம் எண் இருக்கும். எட்டு வெள்ளியில் நீங்கள் பத்து விழுக்காடு எடுத்தால் 80 சென். மாதம் இருபது நாள் சாப்பிடுபவரால் அக்காமார் கையிலிருந்து மொத்தம் 16 வெள்ளி போகிறது. இருவரும் நேரடியாகப் பேசிக்கொள்வார்கள், அதில் தவறும் இல்லை. வாடகைக் காரில் இது அதிகம் நடக்காது, அடுத்த பயணத்துக்கு வேறு ஓட்டுநர் வருவார். உங்கள் சந்தையிலோ அதே கை, அதே ருசி, அதே வாடிக்கை. கசிவுக்கு ஓர் அடையாளம் உண்டு: அக்கா முறை நாளைக் குறைக்க மாட்டார், ஆனால் தளத்தில் போடும் பொட்டல எண்ணிக்கை 12இலிருந்து எட்டு, ஆறு என்று இறங்கும். கூடவே அவரிடம் தொடர்ந்து வாங்கிய மூன்று நான்கு பேர் ஒரே மாதத்தில் காணாமல் போவார்கள்.

எண்ணை மறைப்பதால் இது நிற்காது. விநியோகிப்பவர் வழி தெரியாமல் தவிப்பதுதான் மிச்சம். அக்காவால் தனியாகச் செய்ய முடியாத ஒரு வேலைக்குக் கட்டணம் வாங்குங்கள். அந்த வேலை தொழிற்சாலை வாசலில் இருக்கிறது. ஓர் அக்கா தம் நான்கு பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் அனுப்ப 12 வெள்ளி ஆகிறது என்றால் பொட்டலத்துக்கு மூன்று வெள்ளி. எட்டு வெள்ளிச் சாப்பாடு பதினொரு வெள்ளி ஆகிவிடுகிறது, தொழிற்சாலை கேண்டீனோடு போட்டி போட முடியாது. இரண்டு அக்காமாரிடமும் எடுத்து, ஒரே பெட்டியில் 20 பொட்டலமாக ஒரே காவலர் சாவடியில் இறக்கினால் அதே 12 வெள்ளிப் பயணத்தில் பொட்டலத்துக்கு 60 சென். நீங்கள் ஒரு வெள்ளி வாங்குங்கள். வாங்குபவருக்கு இரண்டு வெள்ளி மிச்சம், உங்களுக்கு 40 சென், அக்காவிடம் தரகே எடுக்கத் தேவையில்லை. புலனத்தில் தனியாக வாங்கப் போனவர் மறுபடியும் மூன்று வெள்ளி கொடுக்க வேண்டும்.

நீங்கள் பாடத்தில் தேடும் வலையமைப்பு விளைவு இந்த இடத்தில்தான் நடக்கிறது. அந்த வாசலில் ஐந்தாவது ஆள் சேரும்போது முதல் நான்கு பேரின் செலவும் மூன்று வெள்ளியிலிருந்து 2.40க்கு இறங்குகிறது. பத்தாவது ஆள் வரும்போது 1.20. பக்கத்து மேசைக்காரரை அழைத்துவர அவர்களுக்குச் சொந்தக் காரணம் கிடைத்துவிடுகிறது. பெட்டி நிரம்பியதும், அதாவது 20ஐத் தாண்டி 21 ஆனதும், இரண்டாவது வண்டி தேவைப்படும், செலவு சட்டென்று 1.14 ஆக ஏறும். எனவே 20க்கும் 30க்கும் நடுவில் தேங்கினால் அந்த வாசலுக்கு அன்றைய ஆர்டரை 20இல் மூடிவிடுவது நல்லது. அறிக்கையில் இந்தப் படியை வரைபடமாகப் போடுங்கள், நேர்கோடாகப் போட்டுவிடாதீர்கள்.

ஆகவே ஒரு தொழிற்சாலை, ஒரு சாவடி, ஐந்து அக்காமார் என்று தொடங்குங்கள். நாளுக்கு 18 பொட்டலத்துக்குக் குறையாமல் நான்கு வாரம் போனால், அதே வழியில் இருக்கும் அடுத்த சாவடிக்குப் போங்கள். பெருநிலத்தின் 42 பேரிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், இப்போதைக்கு ஆர்டர் வராது, உங்களை நம்பிச் சமைக்க வேண்டாமென்று. பிறையிலும் தொழிற்பேட்டை இருக்கிறது, நீங்களும் அங்கேயே இருக்கிறீர்கள். முறையும் உத்தரவாதமும் பாயான் லெப்பாஸில் பிடிபட்டதும், அந்த 42 பேரில் பிறைக்கு மிக அருகிலிருக்கும் ஐந்து பேரைத் தேர்ந்து அங்கே இரண்டாவது சந்தையைத் திறக்கலாம். அதன் கணக்கைத் தனி ஏட்டில் எழுதுங்கள். தீவின் எண்களோடு கூட்டாதீர்கள்.