இரண்டு எதிரொளிப்பும் செக்ஸ்டண்ட் வில்லும்

கேள்வி: "வெட்டிக்கொள்ளும் ரெண்டு கோட்டுல அடுத்தடுத்து எதிரொளிச்சா சுழற்சி, இணைகோட்டுல எதிரொளிச்சா இடப்பெயர்வு. இது ஏன்? மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்க வழி இருக்கா?"

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கணக்கு வாத்தியார் இல்லை, சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவன். ஆனால் இந்த விதியைக் கையில் பிடித்து வேலை பார்த்திருக்கிறேன்.

கோடுகள் வெட்டும் இடத்தை மையமாக வைத்துக் கோணம் அளந்து பாருங்கள். ஒரு கோடு 20 பாகையில், மற்றது 50 பாகையில். 10 பாகையில் இருக்கும் புள்ளி முதல் கோட்டைத் தாண்டி 30-க்குப் போகும். அங்கிருந்து இரண்டாவது கோட்டைத் தாண்டி 70-க்கு. நகர்ந்தது 60. புள்ளி 0-வில் இருந்தால் 40, பிறகு 60; அதுவும் 60 பாகைதான். புள்ளி எங்கிருந்தாலும் கோடுகளுக்கு நடுவிலுள்ள 30 பாகையின் இரு மடங்குதான் வரும். கோடுகளின் வரிசையை மாற்றினால் அதே 60 பாகை எதிர்த்திசையில் வரும். இணைகோடுகளுக்கு வெட்டும் இடமே இல்லை, சுற்ற மையமும் இல்லை. கோணத்துக்குப் பதில் கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரம் இரட்டிக்கும்; புள்ளி அவ்வளவு தள்ளிப் போகும்.

கப்பலில் சூரியனின் உயரத்தைக் கோணமாக அளக்கும் கருவியான செக்ஸ்டண்ட் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதில் இரண்டு கண்ணாடி. ஒன்று அசையாது, மற்றது கருவியின் நகரும் கையோடு திரும்பும். சூரியன் அடிவானத்துக்கு மேல் 50 பாகையில் இருந்தால், அதன் பிம்பத்தை அடிவானத்தில் இறக்கி வைக்கக் கை 25 பாகைதான் நகரும். அதனால்தான் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கான 60 பாகை வில்லில் 120 வரை குறித்திருக்கிறார்கள். பயிற்சிக் காலத்தில் இதைக் கேட்டபோது, "அப்படித்தான் மார்க் பண்ணியிருக்கு, எழுதிக்கோ" என்றார் எங்கள் விரிவுரையாளர். அந்தப் பதில் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவ்வளவு ஃபீஸ் வாங்கிய இடத்தில் ஒரு படம் வரைந்து காட்ட ஆளில்லை.

கப்பல் ஆடும்போது கருவியும் ஆடும். ஆனால் இரண்டு கண்ணாடியும் சேர்ந்தே ஆடுவதால் இடையிலுள்ள கோணம் மாறாது. அடிவானத்தில் இறக்கி வைத்த சூரியன் அங்கேயே நிற்கும். 1731-ல் ஜான் ஹாட்லி ராயல் சொசைட்டியில் காட்டிய கருவியின் பலமே இதுதான். ஜிபிஎஸ் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: கேள்வி கணக்கைப் பற்றியது.

உங்கள் இணைகோடும் இதே கருவியில் இருக்கிறது. கையைப் பூஜ்யத்தில் வைத்தால் கண்ணாடிகள் இணையாக இருக்க வேண்டும். அப்போது ஒளியின் திசை மாறாது, பிம்பம் மட்டும் சில சென்டிமீட்டர் தள்ளி விழும். பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அடிவானத்தில் அந்த நகர்வு தெரியவே தெரியாது. நேரே பார்ப்பதும் கண்ணாடியில் தெரிவதும் ஒரே கோடாகச் சேர்ந்திருக்கும். அது படிக்கட்டு மாதிரி உடைந்து தெரிந்தால் கண்ணாடிகள் இணையாக இல்லை என்று பொருள். திருகாணியைத் திருகிக் கோட்டைச் சேர்த்து, அந்தப் பிழையைப் படித்து, ஒவ்வொரு அளவிலும் கழிக்கவோ கூட்டவோ வேண்டும். இந்தச் சோதனையைப் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கிடைமட்டக் கம்பியை வைத்துச் செய்தால், கண்ணாடிகள் சரியாக இணையாக இருந்தாலும் கம்பி விலகித் தெரியும். அது கருவியின் பிழை இல்லை, நீங்கள் கேட்ட இடப்பெயர்வு.