டீசலா, சோலாரா? கிணற்றடிக் கேள்விகள்

ஐந்து ஹெச்.பி. சோலார் பம்ப் வாங்கலாமா? (வாசகர், குளச்சல்)

கிணற்றின் ஆழம், கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டம், பயிர், நிலத்தின் அளவு எதையுமே எழுதவில்லை. இதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். கயிற்றில் கல்லைக் கட்டி, ஏப்ரலில் மட்டத்தை அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மழைக்காலத்தில் சோலார் ஓடுமா? (குலசேகரம்)

வானம் நன்றாக மூடிக்கொண்டால் கால்வாசித் தண்ணீர் வந்தாலே பெரிது. நமக்கோ இரண்டு பருவமழை, அந்த நாட்களில் வாழைக்குப் பெரும்பாலும் பாய்ச்சவே வேண்டாம்.

அண்ணாச்சி, கோடையில் டீசல் இஞ்சின் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. கிணற்றுக்குள் மேடை கட்டி இஞ்சினை இறக்கச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (தோவாளை)

வேண்டவே வேண்டாம். இதே யோசனையோடு பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஒன்றரை ஏக்கரில் ஏத்தன் வாழை. மாசி முடிவதற்குள் இஞ்சின் இரைகிறது, பம்புக்குள் சரளைக்கல் உருளுவதுபோல் சத்தம், குழாயில் நூல் மாதிரித் தண்ணீர். இரண்டு முறை புட்வால்வு மாற்றிவிட்டார்.

நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பம்பைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தண்ணீர் இறங்காமல் நின்றது. அப்படியென்றால் புட்வால்வில் குறை இல்லை. கயிறு விட்டோம், மட்டம் 31 அடி. மேலே இருக்கும் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் தள்ளிவிடுகிறது. நடைமுறையில் 20, 22 அடிக்கு மேல் அது தள்ளாது. எந்த இஞ்சின் வாங்கினாலும் இதுதான் கதி.

"அப்போ உள்ளேயே இறக்கிரலாம்லா?" என்றார். கிணற்றுக்குள் டீசல் புகை மேலே வராது, அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. வால்வு திருக இறங்குகிறவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். இஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், இறக்காதீர்கள்.

தண்ணீருக்குள் மூழ்கி நின்று கீழிருந்து தள்ளும் மோட்டார்தான் அவருக்கு வேண்டும். மின் இணைப்பு இல்லாததால் மூன்று ஹெச்.பி. சோலார் சப்மெர்சிபிள் என்று முடிவானது. டீசல் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று லிட்டர், ஐந்து மாதத்துக்கு 150 லிட்டர், ஏறக்குறைய 14,000 ரூபாய். மானியம் போக அவர் கையிலிருந்து போனது ஒரு லட்சத்தை ஒட்டி. முதல் எடுக்க ஏழு வருடம் ஆகும். அவரை முடிவெடுக்க வைத்தது அந்த 31 அடிதான்.

பேனலைத் தென்னை நிழலில் வைக்கப் போனார், தடுத்தேன். பேனல்கள் தொடராக இணைந்தவை, ஒன்றில் ஓலை நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் சோர்ந்துவிடும். எட்டு மணி, பன்னிரண்டு, நான்கு என்று மூன்று வேளையும் நிழலைக் குச்சி நட்டுப் பார்த்தபின் வாழைக்கு வெளியே திறந்த இடத்துக்கு மாற்றினார்.

மானியத்துக்கு எங்கே போவது? (திருவட்டாறு)

வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு. போகும்போது ஏப்ரல் மட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பேனலை எப்போது கழுவ வேண்டும்? (மணவாளக்குறிச்சி)

வெயில் ஏறுமுன், வெறும் நல்ல தண்ணீரால். கடல் காற்று அடிக்கும் இடமென்பதால் போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகா என்றும் பாருங்கள்.