ஹிந்தியில் மூச்சு எங்கே விழுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஹிந்தி ஒலிகளைத் தமிழில் காட்ட, ஸ்லோகப் புத்தகங்களில் பலரும் பார்த்திருக்கும் எண் முறையையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். வெறும் ‘ப’ முதல் எழுத்து, ‘பல்’ (நொடி) என்பதில் வருவது. ப² மூச்சோடு வருவது: ப²ல் (பழம்). ப³ நம் ‘தம்பி’யில் கேட்கும் ஒலி: பா³ல் (முடி). ப⁴ தொண்டை அதிர்வும் மூச்சும் சேர்ந்தது: பா⁴த் (சோறு). க, ச, ட, த வரிசைகளுக்கும் இதே கணக்குதான்.

நொய்டாவில் வேலை பார்க்கிறேன். ‘கா²னா’ (சாப்பாடு) என்று நான் சொன்னால் ‘கானா’ (ஒற்றைக்கண்ணன்) என்று கேட்கிறதாம். “அழுத்திச் சொல்லுங்கள்” என்கிறார்கள். அழுத்தினால் ‘க்கானா’ ஆகிவிடுகிறது. எப்படித்தான் சொல்வது?

உங்களுக்குச் சொல்லித்தந்த அந்த ‘அழுத்தி’தான் பிரச்சினையே. தமிழில் அழுத்தினால் எழுத்து இரட்டிக்கும். அது நம் வாய்க்குப் பழகிப்போன வேலை. க²-வுக்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது நேரம் சம்பந்தப்பட்டது.

‘கானா’ சொல்லும்போது நாக்கு விடுபட்ட உடனே தொண்டை அதிர ஆரம்பித்துவிடும். ‘கா²னா’வில் நாக்கு விடுபட்ட பிறகும் தொண்டை சற்று நேரம் திறந்தே இருக்கும். அந்த இடைவெளியில் வெறும் மூச்சுதான் வெளியே வரும். அதற்கப்புறம்தான் ‘ஆ’வுக்குக் குரல் பிறக்கும். லீ லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் 1964-இல் 11 மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து வெளியிட்டார்கள். அதில் தமிழும் உண்டு, ஹிந்தியும் உண்டு. ஹிந்தியில் ப-வுக்கு ஏறக்குறைய 10–15 மில்லி செகண்டு, ப²-வுக்கு 70-ஐ ஒட்டி. க²-வுக்கு இன்னும் கொஞ்சம் நீளம். தமிழின் ப, ஹிந்தியின் ப-வை ஒட்டியே நிற்கிறது. ஆகவே முதல் எழுத்துகளை நீங்கள் மாற்றவே வேண்டாம். சொல்லின் முதலில் வரும் க, த, ப உங்களுக்கு ஏற்கெனவே சரியாகத்தான் வருகின்றன.

பயிற்சியை ப²-விலிருந்து தொடங்குங்கள், உதட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். ‘பல்’ என்பதை முழுக்கக் கிசுகிசுப்பாகச் சொல்லுங்கள். அடுத்த முறை கிசுகிசுப்பாகவே தொடங்கி, ‘அ’வின் நடுவில் குரலைத் திறந்துவிடுங்கள். அவ்வளவுதான், அது ப²ல். கிசுகிசுப்புப் பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் இயல்பான அளவுக்கு வந்துவிடும். உதட்டுக்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்: ‘பல்’லுக்குக் கிட்டத்தட்ட அசையாது, ‘ப²ல்’லுக்கு எழும்பும். இது பிடிபட்ட பிறகு தாலீ (கைதட்டல்), தா²லீ (தட்டு) ஜோடி, கடைசியாக கானா, கா²னா. க² வாயின் உள்ளே பிறப்பதால் காகிதம் அவ்வளவாக அசையாது. அங்கே காகிதத்தை நம்பாமல் காதை நம்புங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மூச்சு வர வேண்டும் என்ற ஆர்வத்தில் ‘பஹல்’ என்று நடுவில் ஓர் ‘அ’வை நுழைத்துவிடுவோம். ‘பஹல்’ ஹிந்தியில் வேறு சொல், ‘முன்முயற்சி’ என்று பொருள். ப²ல் ஓரசைச் சொல்லாகவே இருக்க வேண்டும்.

சொல்வது இருக்கட்டும், எனக்குக் கேட்கவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்காரர் போபால்காரர். பல், ப²ல் இரண்டையும் பத்துத் தரம் சொல்லிக்காட்டினார். எனக்கு ஒன்றுபோலவே இருக்கிறது.

நீங்கள் ‘ப’வைக் கேட்கிறீர்கள். வித்தியாசம் ‘ப’வில் இல்லை, அதற்கு அடுத்து வரும் ‘அ’வின் தலையில் இருக்கிறது. பல்-லில் ‘அ’ முழுக்குரலோடு பளிச்சென்று தொடங்கும். ப²ல்-லில் முதலில் ஒரு காற்றுச் சத்தம், பிறகு ‘அ’. காதை அந்த இடத்துக்கு நகர்த்துங்கள்.

அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்காட்டினால் பயனில்லை. எது முதலில் வரும் என்று உங்களுக்கே தெரியும், கேட்டதாக நினைத்துக்கொள்வீர்கள். அவரை ஒரு தாளில் இரண்டையும் கலந்து இருபது முறை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் வாய் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்து வாசிக்கட்டும், நீங்கள் 1 அல்லது 2 என்று குறியுங்கள். முடிந்ததும் ஒப்பிடுங்கள். பாதியை ஒட்டிச் சரியாக இருந்தால் அது குருட்டாம்போக்கு. பதினேழு, பதினெட்டு வந்தால் காது பிடித்துவிட்டது. அப்புறம் வேறொருவரை வாசிக்கச் சொல்ல வேண்டும், முடிந்தால் ஒரு பெண்ணை. ஒரே குரலில் மட்டும் பழகினால் காது அந்த ஆளைக் கற்றுக்கொள்ளும், ஒலியைக் கற்றுக்கொள்ளாது.

அப்படியும் பிடிபடாவிட்டால் கண்ணால் பாருங்கள். Praat என்ற இலவச மென்பொருளில் அவர் குரலைப் பதிந்து அலை வடிவத்தைப் பெரிதாக்கினால், உதடு விடுபட்ட இடத்தில் ஒரு சிறு முள் தெரியும். பல்-லில் முள்ளை ஒட்டியே ஒழுங்கான அலைகள் தொடங்கிவிடும். ப²ல்-லில் முள்ளுக்கும் அலைகளுக்கும் இடையில் ஒழுங்கில்லாத மெல்லிய சிலும்பல் ஓடும், அதுதான் மூச்சு. அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். ஒருமுறை தனியாகக் கேட்டுவிட்டால், முழுச் சொல்லிலும் அதைத் தேடிப் பிடிப்பது சுலபமாகிவிடும்.

க², ப² எல்லாம் வந்துவிட்டது. நான்காம் எழுத்துதான் வரவில்லை. சந்தையில் ‘க்யா பா⁴வ் ஹை’ (என்ன விலை) என்று கேட்டால் ஒன்று ‘பா³வ்’ ஆகிறது, இல்லை ‘ப³ஹாவ்’ ஆகிறது.

நீங்கள் சொல்லும் இரண்டு தவறுகளும் சரியான நோய்க்குறிகள். முதலாவதில் மூச்சு இல்லை. இரண்டாவதில் மூச்சுக்குத் தனி அசை கொடுத்துவிட்டீர்கள். ப³ஹாவ் என்றால் ‘ஓட்டம், நீரோட்டம்’. இதே மாதிரி பா⁴ர் என்றால் சுமை, ப³ஹார் என்றால் வசந்தம். வேறுபாடு அசை எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இரண்டாம் எழுத்தில் செய்ததை இங்கே செய்யக் கூடாது. அங்கே தொண்டை அமைதியாக இருந்து மூச்சு மட்டும் வந்தது. இங்கே தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்க, குரல்நாண்கள் தளர்ந்து, அதிர்வோடு மூச்சும் கசிய வேண்டும். கடினமாகத் தோன்றினாலும் இந்த ஒலி உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. தொண்டையில் விரலை வைத்து ‘ஆஹா’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவில் ‘ஹ’ வரும்போதும் அதிர்வு நிற்காது. அந்த ‘ஹ’தான் நமக்கு வேண்டியது.

அடுத்து அதை ‘ப³’வோடு ஒட்ட வேண்டும். ‘தம்பா’ என்று ஒரு பொருளில்லாத சொல்லைச் சொல்லுங்கள். ‘ம்’முக்குப் பிறகு வருவதால் அங்கே ப³ தானாக வரும். இப்போது உதடு பிரியும் அந்தக் கணத்திலேயே, பிறகு அல்ல, ‘ஆஹா’வின் தளர்ந்த குரலில் ‘ஆ’வைத் தொடங்குங்கள்: தம்பா⁴. வந்துவிட்டால் ‘த’வை விடுங்கள்: ம்பா⁴. அப்புறம் ‘ம்’மைச் சுருக்கிக்கொண்டே போய், உதடு மூடியிருக்கும்போது தொண்டை லேசாக அதிர்வது மட்டும் மிஞ்சட்டும்: பா⁴. மற்ற வரிசைகளுக்கும் தமிழ் உதவும். க⁴-வுக்குத் ‘தங்க’, த⁴-வுக்குப் ‘பந்து’, ட⁴-வுக்கு ‘வண்டி’, ச⁴-வுக்கு ‘இஞ்சி’.

டிஷ்யூ சோதனை இங்கே அதிகம் உதவாது, காற்று குறைவாகத்தான் வரும். காகிதத்தை ஆட்டியே தீர வேண்டும் என்று ஊதினால் தொண்டை அதிர்வு அறுந்துவிடும். ‘பா⁴ரீ’ (கனமான) ‘பா²ரீ’ ஆகும். விரல் தொண்டையில் இருக்கட்டும். அதிர்வு அறுந்தால் மூச்சு அதிகம். அதிர்வு இருந்து, ‘ஆ’ தொடக்கத்திலேயே பளிச்சென்று இருந்தால் மூச்சு போதாது. ‘ஆ’ சற்று மங்கலாக, சற்றே தாழ்ந்த சுருதியில் தொடங்கித் தெளிய வேண்டும். கேட்கும்போதும் அந்தத் தாழ்வைத் தேடுங்கள். பா³ரீ (முறை), பா⁴ரீ; தா³ன் (தானம்), தா⁴ன் (நெல்) ஜோடிகளில் அது நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் கோ⁴டா³ (குதிரை) சொல்வது எனக்குக் ‘கோடா³’ என்றே கேட்கிறது. அவருக்கும் வரவில்லையா?

வரவில்லை என்று சொல்ல முடியாது, அவருடைய மொழி வேறு வழியில் போயிருக்கிறது. பஞ்சாபியில் சொல்லின் முதலில் வந்த நான்காம் எழுத்துகள் மூச்சையும் அதிர்வையும் விட்டுவிட்டு, அடுத்த உயிரில் தாழ்ந்த சுருதியாக மாறிவிட்டன. அந்தப் பழக்கம் சிலருடைய ஹிந்தியிலும் ஒட்டியிருக்கும். அவரோடு பேசிப் பழகுங்கள். இந்த ஒலிக்கு மட்டும் வேறொருவரை மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் ஹிந்தி எழுதுகிறேன். 7 ரூபாய் என்பதற்கு saath rupaye என்று போட்டால் கடைக்காரர் 60 ரூபாய் என்று புரிந்துகொள்கிறார். ஏன்?

நமக்கு h வேறு, அவர்களுக்கு h வேறு. தமிழர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ட’விலிருந்து ‘த’வைப் பிரித்துக்காட்ட h போடுகிறோம். அதனால்தான் நம் ஊரில் Latha, Jayanthi. வடக்கே Lata, Jayanti. அவர்களுக்கு t என்பது ட, த இரண்டுக்கும் பொது, h போட்டால் மூச்சு. ஏழு என்பது ஸாத், அதாவது saat. நீங்கள் எழுதிய saath ஒன்று ஸாத்² (கூட, உடன்), இல்லை ஸாட்² (அறுபது). ‘ரூபாய்’ பக்கத்தில் இருப்பதால் கடைக்காரர் அறுபது என்று எடுத்துக்கொண்டார், அவர்மேல் குற்றமில்லை. இதே போல dho என்று எழுதினால் அது ‘இரண்டு’ இல்லை, ‘கழுவு’. இரண்டுக்கு do போதும்.

இந்தப் பழக்கம் பேச்சையும் கெடுக்கும். saath என்று எழுதிப் பழகியவர்களுக்கு ஹிந்திக்காரர் எழுதும் saath-இல் மூச்சு இருக்கிறது என்றே தோன்றாது.

மக்கீ² (ஈ), மக்கீ (மக்காச்சோளம்): இரட்டித்த எழுத்தில் மூச்சை எங்கே வைப்பது?

கடைசியில் மட்டும். நம் ‘அக்கா’வில் செய்வதுபோலவே நாக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள், விடும்போது க² ஆக விடுங்கள். பத்த²ர் (கல்), சிட்டீ² (கடிதம்) எல்லாம் இப்படித்தான். இரட்டிப்பு நமக்குக் கைவந்தது என்பதால், மூச்செழுத்துகளில் இவைதான் பலருக்கு முதலில் பிடிபடுகின்றன.

ப²ல்-லை நிறையப் பேர் ‘ஃபல்’ என்கிறார்களே?

ஆமாம், சொல்கிறார்கள், பி²ர் (பிறகு) கூடப் பலர் வாயில் ‘ஃபிர்’தான். புரிதலுக்குப் பாதகமில்லை. ஆனால் பயிற்சிக் காலத்தில் ப² சொல்லிப் பழகுங்கள். ‘ஃப’வில் உதடு முழுதாக மூடாது, அதனால் மூச்சை எப்போது விடுவது என்ற பாடம் கிடைக்காமல் போய்விடும்.

சொல்லின் கடைசியில் வரும் மூச்சு எனக்குக் கேட்பதே இல்லை. பூ⁴க்² (பசி) ‘பூ⁴க்’ என்றே கேட்கிறது.

பல நேரம் அப்படித்தான் சொல்கிறார்கள். வேகப் பேச்சில் சொல்லிறுதி மூச்சு மெலிந்துபோகும், ஹாத்² (கை) ‘ஹாத்’ ஆகிவிடும். பின்னால் உயிரெழுத்து ஒட்டும்போதுதான் அது துலங்கும்: பூ⁴க்², பூ⁴கா² (பசித்தவன்), ஹாத்², ஹாதோ²ங் (கைகள்). ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் சந்தேகம் வந்தால் இப்படி ஓர் உருபைச் சேர்த்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.