சில வரி போதும்

கேள்வி: அப்பா தவறிய அன்று மேனேஜருக்கு லீவு கேட்டு ஒரு பக்கத்துக்கு மெயில் எழுதினேன். சில வரியில் முடித்தால் மரியாதைக் குறைவு ஆகாதா? “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்றும் எழுதியிருந்தேன். சரிதானா?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: ஆகாது. துக்க வீட்டிலிருந்து வரும் கடிதத்தில் நோயின் கதை, ஆஸ்பத்திரி விவரம், ஐந்து இடத்தில் மன்னிப்பு எதையும் மேனேஜர் எதிர்பார்ப்பதில்லை. யார் தவறினார்கள், எந்த நாள் வரை வரமாட்டீர்கள், கையிலிருந்த வேலை என்ன ஆகும், எப்போது பேசலாம் என்பது தெரிந்தால் போதும். “அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரு வாக்கியத்திலேயே மரியாதை முழுதாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் தவறு “எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்ற வரிதான். அப்படி எழுதினால் இறுதிச் சடங்கு நடக்கும்போதும் போன் அடிக்கும். நீங்கள் எடுக்காவிட்டால், எடுப்பதாகச் சொன்னவர் எடுக்கவில்லை என்று ஆகும். பேச முடியாத நாளையும் பேசக்கூடிய நேரத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

அப்பா மார்ச் 3, திங்கள் இரவு தவறினார் என்று வைத்துக்கொள்வோம். மெயிலின் தலைப்பிலேயே “தந்தை மறைவு – விடுப்பு, மார்ச் 4 முதல் 7 வரை” என்று போட்டுவிட்டு இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். என் தந்தை நேற்று இரவு காலமானார். மார்ச் 4 முதல் 7 வரையும், பதினாறாம் நாள் காரியத்துக்காக 17, 18 தேதிகளிலும் விடுப்பு அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சம்பளப் பட்டியல் பொது ஃபோல்டரில் உள்ளது. மீதி வேலையைத் தொடரும்படி கணக்குப் பிரிவில் சொல்லியிருக்கிறேன். இன்று இறுதிச் சடங்கு, போனில் பேச இயலாது. நாளை முதல் மாலை 6 முதல் 7 மணி வரை பேசலாம். அவசரமென்றால் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், அன்றிரவுக்குள் பதில் தருகிறேன்.”

காரியத்துக்கான தேதியையும் இதிலேயே கேட்டிருப்பதைக் கவனியுங்கள். பலர் முதல் நாலு நாளுக்கு மட்டும் கேட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பிய வாரமே மறுபடி லீவு கேட்டுத் தயங்கி நிற்கிறார்கள். நாளை எண்ணும் வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுத் தேதி போடுங்கள். முடிவாகவில்லையென்றால் “காரியத்துக்கு இரண்டு நாள் தேவைப்படும், தேதியை வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்” என்றால் போதும்.

இன்னொன்று. தனியார் நிறுவனங்கள் எல்லாம் துக்க விடுப்பு தந்தே ஆகவேண்டும் என்று நம் நாட்டில் பொதுச் சட்டம் கிடையாது. அது நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. அதனால் எந்தக் கணக்கில் லீவு கழியும் என்ற கேள்வியை இந்த மெயிலில் கிளப்பாதீர்கள். திரும்பி வந்த அன்று எச்.ஆரிடம் கேட்டுக்கொள்ளலாம், இறப்புச் சான்றிதழ் கேட்டால் அப்போது கொடுக்கலாம்.