மூச்சு வாங்குது, ஆனால் ஆக்சிஜன் 98: ஏன்?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. ஹீமோகுளோபின் 7 என்று வந்திருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது என்கிறார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஆனால் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டுகிறது. அப்புறம் ஏன் இப்படி?

பதில்: கருவி சரியாகத்தான் காட்டுகிறது. உங்களிடம் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. வண்டிகள் நிரம்பித்தான் ஓடுகின்றன, வண்டிகளின் எண்ணிக்கைதான் பாதி.

ஹீமோகுளோபின் 14 இருந்தால் 100 மி.லி. ரத்தம் சுமார் 18 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 7 இருந்தால் 9தான். ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அப்படியானால் உடலுக்கு நிமிடத்துக்குப் போகும் ஆக்சிஜன் 900 மி.லி.க்குப் பதில் 450. சும்மா உட்கார்ந்திருக்க 250 போதும், அதனால் நாற்காலியில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாடி ஏறும்போது தேவை பல மடங்காகிறது. இதயம் வேகமாகவும், ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாகவும் ரத்தத்தைத் தள்ளி ஈடுகட்டப் பார்க்கிறது. அதுதான் படபடப்பு. அதற்கும் எட்டாதபோது, தசைகள் ஆக்சிஜன் போதாமல் லாக்டிக் அமிலத்தைச் சேர்க்கின்றன, அது மூச்சைத் தூண்டிவிடுகிறது. நுரையீரலில் கோளாறு இருந்துதான் மூச்சு வாங்க வேண்டும் என்பதில்லை.

வெளுப்புக்குக் காரணம் இரண்டு. சிவப்பு நிறம் தரும் பொருளே குறைவு. அதோடு உடல் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. தோலின் நிறம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் முகத்தைவிட, கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் பார்ப்பதையே நான் நம்புவேன்.

சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் நடக்கிறது. சிவப்பணுக்களுக்குள் 2,3-டிபிஜி என்ற பொருள் கூடுகிறது. அதனால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைத் திசுக்களில் எளிதாக விட்டுவிடும். சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோனைச் சுரந்து, புதிய அணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்கிறது. இரும்புச்சத்து இல்லையென்றால் மஜ்ஜையால் என்ன செய்ய முடியும்? இதெல்லாம் பழகுவதற்கு நாளாகும். மாதக்கணக்கில் மெல்ல 7க்கு இறங்கியவர் நடமாடுவார். ரத்தப்போக்கில் திடீரென அதே 7க்கு வந்தவர் எழுந்து நிற்கவே தடுமாறலாம்.

எனக்குக் கவலை தருவது இதயம்தான். மற்ற உறுப்புகள் ரத்தத்திலிருந்து கூடுதலாக ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத்தசையோ வழக்கமாகவே பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. துடிப்பு வேகமாகும்போது, அதற்கு ரத்தம் கிடைக்கும் ஓய்வு நேரமும் குறைகிறது. எனவே நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், மயக்கம், கறுப்பு மலம் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இவை இல்லாவிட்டாலும் 7 என்பது தள்ளிப்போடும் அளவு அல்ல. இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, உடலில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்து, ரத்தம் எங்கே இழப்பாகிறது என்று கேளுங்கள். மாதவிடாய் அதிகமா என்பதையும் சொல்லுங்கள்.